தெர்மிட் பையில் எது முதலில் தீரும்?

ரயில் பாதையில் இரண்டு தண்டவாளத் துண்டுகளை ஒன்றாக்கும் வேலை பெரும்பாலும் வண்டிகள் ஓடாத இடைவெளியில்தான் நடக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே விரல் அகலத்துக்கும் சற்றுக் கூடுதலாக, சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அதைச் சுற்றி மணலால் செய்த அச்சைப் பொருத்தி, விளிம்புகளைப் பிசைந்த மண்ணால் அடைத்து, முனைகளைத் தீச்சுவாலையால் சிவக்கச் சூடாக்குவார்கள். அச்சுக்கு மேலே பூந்தொட்டி வடிவில் ஒரு மூசை நிற்கும். ஒரு பைத் தூளை அதில் கொட்டிப் பற்றவைத்ததும் கண் கூசும் வெளிச்சம் எழும். அரை நிமிடத்துக்குள் மூசையின் அடித்துளை திறந்து, உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கி இடைவெளியை நிரப்பிவிடும். மின்சாரம் வேண்டாம், உலை வேண்டாம். இரும்பை உருக்கும் வெப்பம் மட்டுமல்ல, அந்த இரும்பே அந்தப் பைக்குள்ளிருந்துதான் வருகிறது.

தெர்மிட் வெல்டிங் என்று இதைச் சொல்கிறார்கள். ரயில்வே ஆவணங்களில் அலுமினோ தெர்மிக் வெல்டிங், சுருக்கமாக ஏ.டி. வெல்டிங். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்து வேதியியலாளர் ஹான்ஸ் கோல்ட்ஸ்மிட் 1895ல் இதற்குக் காப்புரிமை கோரினார். அவர் தேடியது தண்டவாளத்தை ஒட்டும் வழியை அல்ல. கரி கலக்காத தூய குரோமியமும் மாங்கனீசும் அவருக்கு வேண்டியிருந்தன. உலோக ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கரியைப் பயன்படுத்தினால் கரியின் ஒரு பங்கு உலோகத்திலேயே தங்கிவிடும். அதனால் கரியின் இடத்தில் அலுமினியத்தூளை வைத்தார். வினையில் கிளம்பிய வெப்பம் அந்த முறையை வேறு திசைக்குக் கொண்டுபோயிற்று. 1899ல் எஸ்ஸென் நகரத்து டிராம் தண்டவாளங்கள் இந்த முறையில் இணைக்கப்பட்டன.

பைக்குள் இருக்கும் முக்கியமான பொருள்கள் இரண்டுதான்: இரும்பு ஆக்சைடும் அலுமினியமும். பற்றவைத்ததும் அலுமினியம் இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. இரும்பு தனியாக விடுபடுகிறது. அப்படியானால் இடைவெளியை நிரப்பப் போதுமான இரும்பு வர வேண்டுமென்றால் எதை எவ்வளவு போட வேண்டும்? போட்ட இரண்டில் எது முதலில் தீரும்? மிச்சம் எவ்வளவு? பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' என்று வருகிற பாடத்தின் கேள்விகள் இவைதான். அந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவது கணக்கு கடினம் என்பதால் அல்ல. பெருக்கலும் வகுத்தலும் தவிர அதில் எதுவுமில்லை. எந்த இடத்தில் கிராமைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் குழப்புகிறது. தெர்மிட் பையை வைத்து அதை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கு இது. ஒரு மூசையில் 6 கிலோ Fe₂O₃, அதாவது இரும்பு ஆக்சைடு இருக்கிறது. அதோடு 2.2 கிலோ அலுமினியத்தூள். வினை முழுமையாக நடந்தால் அதிகபட்சம் எவ்வளவு இரும்பு கிடைக்கும்? (உண்மையான பையில் இவற்றோடு இரும்புத் துணுக்குகளும் எஃகுக்குத் தேவையான கரி, மாங்கனீசு போன்றவையும் இருக்கும். இப்போதைக்கு அவற்றை ஒதுக்கி வைத்துவிடுவோம்.)

முதல் வேலை சமன்பாடு.

Fe₂O₃ + 2Al → 2Fe + Al₂O₃

இந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். இதில் எங்கும் கிராம் இல்லை. ஓர் அலகு இரும்பு ஆக்சைடோடு இரண்டு அலுமினிய அணுக்கள் சேர்ந்தால் இரண்டு இரும்பு அணுக்களும் ஓர் அலகு அலுமினியம் ஆக்சைடும் உண்டாகும் என்று மட்டுமே அது சொல்கிறது. எல்லாமே எண்ணிக்கை. நம் கையில் இருப்பதோ தராசில் நிறுத்த எடை. அதனால் 6 கிலோவையும் 2.2 கிலோவையும் நேரடியாக இந்தச் சமன்பாட்டுக்குள் நுழைக்க வழியில்லை.

கல்யாண வீட்டில் தாம்பூலப் பை போடுகிறவர்கள் இதை வேதியியல் படிக்காமலே செய்கிறார்கள். பைக்கு ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை. வந்திறங்கிய தேங்காய் மூட்டை மூட்டையாக இருக்கும், வெற்றிலையோ ஒரு கூடைக்குள் அடங்கிவிடும். அதனால் வெற்றிலைதான் போதாது என்று யாரும் முடிவுகட்ட மாட்டார்கள். 300 தேங்காயும் 700 வெற்றிலையும் இருந்தால் 300 பை போடலாம், 100 வெற்றிலை மிஞ்சும். 300 தேங்காயும் 500 வெற்றிலையும் இருந்தால் 250 பைதான். இரண்டாவது கணக்கிலும் வெற்றிலையின் எண்ணிக்கை தேங்காயைவிட அதிகம்தான். ஆனாலும் முதலில் தீர்வது வெற்றிலை. எடையையும் பார்க்கக் கூடாது, வெறும் எண்ணிக்கையையும் பார்க்கக் கூடாது. எத்தனை பைக்கு வரும் என்றுதான் பார்க்க வேண்டும்.

தேங்காயை எண்ணிவிடலாம், அணுவை எண்ண முடியாது. அந்த இடத்தில்தான் மோல் வருகிறது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ என்ற எண்ணிக்கை. அந்த எண்ணை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை, இந்தக் கணக்கில் அது ஓரிடத்திலும் வராது. நமக்கு வேண்டியது வேறு ஒன்று: எந்தப் பொருளிலும் ஒரு மோலின் எடையை அணு எடை அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அலுமினியத்தின் அணு எடை 26.98. ஆகவே 26.98 கிராம் அலுமினியத்தில் ஒரு மோல் அணுக்கள் இருக்கின்றன. Fe₂O₃ல் இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன். இரும்பு 55.85, ஆக்சிஜன் 16.00. இரண்டு இரும்புக்கு 111.70, மூன்று ஆக்சிஜனுக்கு 48.00, சேர்த்தால் 159.70. எனவே 159.70 கிராம் இரும்பு ஆக்சைடில் ஒரு மோல் அலகுகள் இருக்கின்றன. ஓர் எடைப்படியில் 159.70 கிராம் சிவப்புத் தூளும் இன்னொன்றில் 26.98 கிராம் வெள்ளித் தூளும் இருந்தால், பார்வைக்கு ஒன்று குவியல், இன்னொன்று சிட்டிகை. எண்ணிக்கையில் இரண்டும் சமம்.

இனி நம் மூசைக்கு வருவோம். எடையை மோலார் நிறையால் வகுத்தால் மோல்.

இரும்பு ஆக்சைடு: 6000 ÷ 159.70 = 37.57 மோல்
அலுமினியம்: 2200 ÷ 26.98 = 81.54 மோல்

எடையில் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. எண்ணிக்கையிலோ அது இரு மடங்குக்கும் மேல். இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. எடை குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று எடுத்த எடுப்பில் சொல்லத் தோன்றும் அந்த முடிவு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆனால் இந்த இரண்டு எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு முடிவு சொல்வதும் தவறு. ஓர் அலகு ஆக்சைடுக்கு அலுமினியம் இரண்டு வேண்டும். ஒவ்வொரு பொருளின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்துவிட்டால், வினை எத்தனை தடவை நடக்க அது இடம் தரும் என்பது தெரிந்துவிடும். இரும்பு ஆக்சைடுக்கு முன்னால் எண் எதுவும் இல்லை, அதாவது 1. எனவே 37.57. அலுமினியத்துக்கு முன்னால் 2. எனவே 81.54 ÷ 2 = 40.77. இரண்டில் சிறியது 37.57. ஆகவே முதலில் தீர்வது இரும்பு ஆக்சைடு. இந்த மூசையில் அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. எடையில் 6 கிலோ என்று மலைபோல் நின்ற பொருள்தான் போதாமல் போகிறது.

ஒரு எச்சரிக்கை. இப்படி வகுத்துக் கிடைத்த 40.77 என்பது அலுமினியத்தின் மோல் அல்ல. எது முதலில் தீரும் என்று கண்டுபிடிக்க மட்டுமே அந்த எண். கண்டுபிடித்ததும் அதை விட்டுவிட்டு உண்மையான மோல் எண்ணிக்கைக்கு, 81.54க்கு, திரும்பிவிட வேண்டும். விடைத்தாள்களில் மதிப்பெண் போகும் இடங்களில் இதுவும் ஒன்று: வினைக்கட்டுப்பாட்டுக் காரணியைச் சரியாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கணக்கிடும்போது 40.77லிருந்து கழித்துவிடுவார்கள்.

இனி இரும்பு எவ்வளவு என்று பார்க்கலாம். இங்கிருந்து அலுமினியத்தை மறந்துவிடலாம். 37.57 மோல் ஆக்சைடு தீர்ந்ததும் வினை நின்றுவிடும், எவ்வளவு அலுமினியம் காத்திருந்தாலும் சரி. ஓர் ஆக்சைடு அலகுக்கு இரண்டு இரும்பு அணு. எனவே 37.57 × 2 = 75.14 மோல் இரும்பு. ஒரு மோல் இரும்பின் எடை 55.85 கிராம். 75.14 × 55.85 என்றால் சுமார் 4,197 கிராம், அதாவது 4.20 கிலோ. இதுதான் கோட்பாட்டு விளைச்சல். போட்டதில் ஒரு துகள்கூடச் சிதறாமல், வினை கடைசி வரை நடந்து, வந்த இரும்பில் ஒரு துளிகூட ஒட்டிக்கொள்ளாமல் கைக்கு வந்தால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. இதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கிடைக்க வழியில்லை. அலுமினியத்தை 2.2 கிலோவிலிருந்து 3 கிலோவாக உயர்த்தினாலும் இதே 4.20 கிலோதான்.

சில ஆசிரியர்கள் வேறு வழியாகச் சொல்லித் தருவார்கள். இரண்டு பொருளிலிருந்தும் தனித்தனியாக இரும்பைக் கணக்கிடு, சிறிய விடையை எடுத்துக்கொள் என்பார்கள். அதுவும் சரியான வழிதான். 6 கிலோ ஆக்சைடு முழுதும் வினைபுரிந்தால் 4.20 கிலோ இரும்பு. 2.2 கிலோ அலுமினியம் முழுதும் வினைபுரிந்தால் 81.54 மோல், சுமார் 4.55 கிலோ இரும்பு. சிறியது 4.20. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், அதில் மிச்சக் கணக்கு கூடவே வந்துவிடுகிறது. ஆனால் இரண்டாவது வழியில் ஒரு நன்மை உண்டு: முதல் வழியில் போட்டுவிட்டு இரண்டாவது வழியில் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு விடைகளையும் கூட்டவோ சராசரி எடுக்கவோ மட்டும் கூடாது. இரண்டு பொருளும் சேர்ந்து ஒரே இரும்பைத்தான் தருகின்றன, ஆளுக்கொரு இரும்பை அல்ல.

மிச்சம் எவ்வளவு? 37.57 மோல் ஆக்சைடுக்கு 75.14 மோல் அலுமினியம் செலவாகும். இருந்தது 81.54. மீதி 6.40 மோல். 6.40 × 26.98 என்றால் சுமார் 173 கிராம். அலுமினியம் ஆக்சைடு 37.57 மோல் உண்டாகும். அதன் மோலார் நிறை 101.96, ஆகவே 3.83 கிலோ.

இந்த மூன்று எண்களையும் ஏன் கணக்கிட வேண்டும், கேட்டது இரும்பை மட்டும்தானே என்று தோன்றலாம். கூட்டிப் பாருங்கள். இரும்பு 4.20, அலுமினியம் ஆக்சைடு 3.83, மிஞ்சிய அலுமினியம் 0.17. மொத்தம் 8.20 கிலோ. மூசையில் கொட்டியது 6 + 2.2 = 8.2 கிலோ. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் பொருந்திவிட்டன. பொருந்தாவிட்டால் எங்கோ பிழை. தேர்வு அறையில் விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மோலில் கூட்டினால் இது வேலை செய்யாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மோல் ஆக்சைடும் இரண்டு மோல் அலுமினியமும், மொத்தம் மூன்று மோல் உள்ளே போய், இரண்டு மோல் இரும்பும் ஒரு மோல் அலுமினியம் ஆக்சைடும் என்று மூன்றே வெளியே வருவது இந்த வினையில் தற்செயல். வேறு வினைகளில் மோலின் மொத்தம் மாறும். எடையின் மொத்தம் மாறவே மாறாது.

இப்போது கணக்கை ஓரிடத்தில் மட்டும் மாற்றுவோம். ஆக்சைடு அதே 6 கிலோ. அலுமினியம் 2.2க்குப் பதில் 1.8 கிலோ.

1800 ÷ 26.98 = 66.72 மோல். ஆக்சைடு பழையபடி 37.57 மோல்.

66.72 என்பது 37.57ஐவிடப் பெரிது, ஆகவே ஆக்சைடுதான் முதலில் தீரும் என்று ஒரு மாணவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2ஆல் வகுக்க மறந்துவிட்டார். தொடர்ந்து 75.14 மோல் இரும்பு, 4.20 கிலோ என்று விடையும் எழுதிவிடுகிறார். பார்த்தால் எல்லாப் படிகளும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? மிச்சத்தைக் கணக்கிட்டால் உடனே தெரிந்துவிடும். 37.57 மோல் ஆக்சைடுக்கு 75.14 மோல் அலுமினியம் வேண்டும். இருப்பது 66.72. கழித்தால் எதிர்ம எண் வருகிறது. இல்லாத அலுமினியத்தைச் செலவழித்திருக்கிறார். மிச்சம் எதிர்மத்தில் வந்தால், முதலில் தீரும் பொருளை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று பொருள்.

சரியாகப் போட்டால் அலுமினியத்துக்கு 66.72 ÷ 2 = 33.36. ஆக்சைடுக்கு 37.57. சிறியது அலுமினியம். இந்த முறை அதுதான் முதலில் தீர்கிறது. இரும்பு 66.72 மோல், 3.73 கிலோ. ஆக்சைடு 4.21 மோல், அதாவது 0.67 கிலோ அப்படியே மிஞ்சும். அலுமினியம் ஆக்சைடு 3.40 கிலோ. கூட்டினால் 7.80. சரி.

இன்னொரு மாணவர் இருக்கலாம். அலுமினியம் 1.8 கிலோதான், ஆக்சைடு 6 கிலோ, ஆகவே அலுமினியம்தான் முதலில் தீரும் என்று எழுதுவார். விடை சரி, காரணம் தவறு. இதே காரணத்தை முதல் கணக்கில் சொன்னால் மாட்டிக்கொள்வார். பாடம் நடத்துகிறவர்கள் ஒரே கணக்கை இப்படி இரண்டு எடைகளில் கொடுத்துப் பார்த்தால், யார் உண்மையில் புரிந்து போடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே, எதுவும் மிஞ்சாத அளவு ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? 37.57 மோல் ஆக்சைடுக்குச் சரியாக 75.14 மோல் அலுமினியம், 2.03 கிலோ. ஆக்சைடு மூன்று பங்குக்கு அலுமினியம் ஏறக்குறைய ஒரு பங்கு என்று தெர்மிட் பற்றிய புத்தகங்களில் காணும் விகிதம் இங்கிருந்து வருவதுதான்.

எந்தப் பொருள் மிஞ்சுகிறது என்பது பாதையில் வேலை செய்கிறவர்களுக்கு வெறும் கணக்கு அல்ல. மிஞ்சிய அலுமினியம் காற்றில் கரைந்து போய்விடாது. உருகிய இரும்பில் கலந்துவிடும். கொஞ்சம் கலந்தால் பரவாயில்லை, அளவு மீறினால் இணைப்பின் உறுதி கெடும். அலுமினியம் குறைந்தாலோ வேறு கேடு. வினைபுரியாத இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜன் உருகிய எஃகில் தங்கி, எஃகில் உள்ள கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு வாயுவாகக் கிளம்பும். எஃகு உறையும்போது அந்த வாயு வெளியேற முடியாமல் சிக்கினால், உள்ளே சிறு சிறு துளைகள் விழும். மேலே பளபளவென்று தெரியும் இணைப்புக்குள் அவை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இணைப்பு முடிந்ததும் மீயொலிக் கருவியை உருட்டிச் சோதிப்பது இப்படி உள்ளே ஒளிந்திருக்கும் குறைகளைப் பிடிக்கத்தான். ஈரம் பட்ட பையைப் பயன்படுத்தினாலும் இதே போன்ற துளைகள் விழும். அந்தக் குற்றம் கணக்கில் இல்லை, சேமித்து வைத்த விதத்தில்.

வெப்பமும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான். ஒரு மோல் Fe₂O₃ இப்படி வினைபுரியும்போது சுமார் 850 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. முதல் கணக்கில் 37.57 மோல், ஆகவே ஏறக்குறைய 32,000 கிலோஜூல். அலுமினியத்தைக் கூட்டினால் வெப்பம் கூடாது. மிஞ்சுகிற அலுமினியம் சும்மா கிடந்து, வந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் தானும் குடித்துக்கொள்ளும். இந்த வெப்பம் எவ்வளவு முக்கியம் என்பது அலுமினியம் ஆக்சைடைப் பார்த்தால் விளங்கும். இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அலுமினியம் ஆக்சைடு உருக 2072 டிகிரி வேண்டும். மூசைக்குள் வெப்பம் அதையும் தாண்டுவதால்தான் இரண்டுமே திரவமாகின்றன. கனமான இரும்பு அடியில் இறங்க, லேசான ஆக்சைடு கசடாக மேலே மிதக்கிறது. அடித்துளை திறக்கும்போது முதலில் இரும்பு மட்டும் அச்சுக்குள் போவது இதனால்தான். கசடு பின்னால் வந்து ஓரத்துத் தட்டில் வழிந்துவிடும். உருகாத கசடாக இருந்தால் இரும்புத் துளிகள் அதற்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.

சரி, இப்படி நடந்த பிறகு இரும்பை உண்மையிலேயே தராசில் வைத்தால் 4.20 கிலோ இருக்குமா? இருக்காது. சில துளிகள் கசடில் சிக்கியிருக்கும். சில மூசையின் சுவரில் ஒட்டியிருக்கும். பொறி பறக்கும்போது தெறித்தவை வெளியே விழுந்திருக்கும். ஒரு பேச்சுக்கு, ஆறிய இரும்பைக் கசடில்லாமல் தட்டி எடுத்து நிறுத்தால் 3.90 கிலோ வருகிறது என்று கொள்வோம். 3.90ஐ 4.20ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 93 சதவீதம். கோட்பாட்டு விளைச்சலில் கைக்கு வந்த பங்கு இது. இந்த இடத்தில் கீழே வகுக்க வேண்டியது 4.20 கிலோவை, 8.2 கிலோவை அல்ல. கொட்டிய மொத்தத் தூளால் வகுக்கிறவர்கள் 48 சதவீதம் என்று எழுதி, வினை பாதியில் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

நிறுத்தபோது 4.40 கிலோ வந்தால்? 105 சதவீதம். இது நல்ல செய்தி அல்ல. கோட்பாட்டு விளைச்சலைத் தாண்டவே முடியாது என்பதால், நிறுத்தது முழுதும் இரும்பு இல்லை என்று பொருள். கசடுத் துண்டு ஒட்டியிருக்கலாம், மிஞ்சிய அலுமினியம் உள்ளே கலந்திருக்கலாம். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் வீழ்படிவை வடிகட்டி நிறுக்கும்போதும் நூற்றுக்கு மேல் வருவதுண்டு. அங்கே பெரும்பாலும் சரியாக உலராத ஈரம்தான் காரணம். மீண்டும் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும், எடை குறையாமல் நிற்கும் வரை.

இத்தனை கணக்கும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: மூசையில் போட்டது முழுதும் Fe₂O₃ என்ற நம்பிக்கை. தெர்மிட் தயாரிப்பில் பயன்படும் இரும்பு ஆக்சைடு பெரும்பாலும் உருட்டாலைகளில் காய்ச்சிய எஃகின் மேல் படிந்து உதிரும் செதில். அது ஒரே பொருள் அல்ல. இரும்பும் ஆக்சிஜனும் வெவ்வேறு விகிதத்தில் சேர்ந்த ஆக்சைடுகள் அதில் கலந்திருக்கும். அவற்றில் ஒன்று Fe₃O₄. நம்முடைய 6 கிலோ முழுதும் இந்த ஆக்சைடாக இருந்தால் என்ன ஆகும்? சமன்பாடே மாறிவிடும்.

3Fe₃O₄ + 8Al → 9Fe + 4Al₂O₃

இதன் மோலார் நிறை 231.55. 6000ஐ அதனால் வகுத்தால் 25.91 மோல். மூன்றுக்கு எட்டு என்ற கணக்கில் இதற்கு 69.1 மோல் அலுமினியம் வேண்டும், சுமார் 1.86 கிலோ. Fe₂O₃க்குத் தேவைப்பட்ட 2.03 கிலோவைவிட 160 கிராமுக்கு மேல் குறைவு. காரணம், இந்த ஆக்சைடில் எடைக்கு எடை ஆக்சிஜன் குறைவு, இரும்பு கூடுதல். வரும் இரும்பு 77.7 மோல், 4.34 கிலோ. பழைய கணக்கை நம்பி 2.2 கிலோ அலுமினியத்தைப் போட்டவருக்கு 173 கிராமுக்குப் பதில் ஏறக்குறைய 340 கிராம் அலுமினியம் மிஞ்சி, இரும்போடு கலந்து தண்டவாள இணைப்புக்குள் போய்விடும். தராசு பொய் சொல்லவில்லை, வகுத்தலிலும் பிழையில்லை, முதல் வரியில் எழுதிய சமன்பாடு வேறு ஒரு பொருளுக்கு உரியது. அதனால் செதிலில் எந்த ஆக்சைடு எத்தனை பங்கு என்பதைப் பகுப்பாய்வு செய்து தெரிந்துகொண்ட பிறகுதான் அலுமினியத்தின் எடையை முடிவு செய்ய முடியும்.